உதவியாளர், 2018 மார்ச் வரை

என் தம்பிக்கு மூன்று பெண்கள். மூத்தவள் அப்பாவைப் போல வாயாடி. கடைசிக்காரி தொட்டதற்கெல்லாம் அழுகிறவள். நடுவிலவள் எங்கள் பெரிய அத்தையைக் கொண்டு பிறந்தவள். சொந்தத் தம்பி சொன்ன ஒரு சொல்லுக்காகப் பதினோரு வருஷம் அவரோடு பேசாமலிருந்த அத்தை அவர். முகத்தில் மட்டும் எப்போதும் சிரிப்பு இருக்கும். இவளும் அப்படியே.

இவள் தண்ணீர் பரிசோதிக்கிற கூடம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தாள். யார் வீட்டுக் கிணறு, எந்தத் தொழிற்சாலைக் குழாய் என்றாலும் ஒரு பாட்டில் தண்ணீர் வந்துவிடும். எது கலந்திருக்கிறது, குடிக்கலாமா கூடாதா என்று பார்த்துத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாம் வருஷமே, 2018 ஏப்ரலில், இவளைத் தர மேலாளர் ஆக்கிவிட்டார் முதலாளி. அந்தக் கூடத்தில் அந்தப் பதவி ஒன்றே ஒன்றுதான். இவள் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் வாசலைத் தாண்டாது. வேலைக்காரர்கள் இவளுக்கு வைத்த பெயர் கறார்.

முதலாளியின் மச்சான் ஒருவன் வந்து சேர்ந்ததில்தான் வினை. அவனுக்கு அவர்கள் வைத்த பெயர் சென்ட். தண்ணீரில் வாடை இருக்கிறதா என்று மூக்கால் முகர்ந்து பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. இவன் உள்ளே வந்தால் அன்றைக்கு அந்தச் சோதனை நடக்காது. எல்லாப் பாட்டிலும் மல்லிகை மணக்கும்.

"சார், வெளிய நில்லுங்க. இல்லைன்னா குளிச்சிட்டு வாங்க" என்றாள் ஒருநாள், எல்லார் முன்னாலும். அவன் அதை மறக்கவில்லை. அதன்பின் சோதிக்காத தண்ணீருக்குக் கையெழுத்துக் கேட்டான். இவள் மறுத்தாள். தினம் ஒரு சண்டை. கடைசியில் 2019 நவம்பரில் இவளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த நாற்காலியில் சென்ட் உட்கார்ந்தான். பிறகு மூன்றரை வருஷம் ஒரு சின்னக் கூடத்தில் காலம் தள்ளினாள்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், பெரிய நிறுவனம் ஒன்று இவளைத் தர மேலாளராக எடுத்துக்கொண்டது. சேருகிற தேதி கூடக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் அவர்கள் பழைய வேலையை விசாரிக்க ஆள் வைத்தார்கள். அந்த ஆள் பழைய கூடத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறான். முன்னாள் ஊழியர்கள் வரிசையில் இவள் பெயருக்கு நேரே, "உதவியாளர், 2018 மார்ச் வரை" என்று இருக்கிறது. ஃபோன் போட்டுக் கேட்டால், எடுத்தவன் சென்ட். "அவங்களா? எடுபிடி வேலைக்கு இருந்தாங்க" என்றிருக்கிறான்.

புது இடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஏழு வேலை நாளுக்குள் பழைய நிறுவனமே பக்கத்தைத் திருத்தி, எழுத்திலும் உறுதி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேலை கிடையாது.

செய்தி கேட்டு நான் போனபோது, அவள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா நாலு வார்த்தை கேட்டு எழுதும்மா. அவன் பரம்பரையையே சேர்த்து எழுது. தெரியாத பேரு இருந்தா என்னைக் கேளு" என்றேன்.

"பெரியப்பா, திட்டி எழுதினா குப்பையில போட்டுடுவான். மரியாதையா எழுதினாத்தான் பதில் சொல்லியே ஆகணும்."

"மரியாதையா? அவனுக்கா?"

"அவனுக்கு எதுக்கு? முதலாளிக்கு எழுதுறேன். அவன் தானா வருவான் பாருங்க."

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாள். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கியது. தங்கள் கூடத்தில் பணியாற்றியதை நன்றியோடு நினைக்கிறேன். பக்கத்தில் என் பதவியும் தேதியும் தவறுதலாக இவ்வாறு உள்ளன. சரியான விவரம்: தர மேலாளர், 2019 நவம்பர் வரை. பதவி உயர்வுக் கடிதமும் பணி விடுவிப்புக் கடிதமும் இணைத்துள்ளேன். பக்கத்தின் படமும் எடுத்த தேதியோடு உள்ளது. வருகிற வெள்ளிக்குள் திருத்தித் தந்தால் உதவியாக இருக்கும்.

"இவ்வளவுதானா? சப்புன்னு இருக்கே" என்றேன்.

"கடைசி வரியைக் கேளுங்க. 'தங்கள் பக்கத்திலேயே வாடிக்கையாளர் பார்வைக்காக வைத்துள்ள மாதிரி அறிக்கையில், 2019 ஜூலை தேதியிட்டு, தர மேலாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருப்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.'"

அவசரத்தில் பெயர் வரிசையை மாற்றியவர்களுக்கு, அந்தத் தாளும் அதே பக்கத்தில் தொங்குவது ஞாபகமில்லை. இவள் 2018 மார்ச்சில் போய்விட்டாள் என்றால், ஜூலைத் தாளில் கையெழுத்துப் போட்டது யார்? அந்த ஒன்றரை வருஷத்தில் வெளியே போன அத்தனை தாளும் செல்லாது என்றாகிவிடும். கூடத்தைச் சோதிக்க அடுத்த மாதம் அதிகாரிகள் வேறு வருகிறார்கள்.

மறுநாள் காலையிலேயே முதலாளி கூப்பிட்டார். அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். முதலாளி அறையில் சென்ட் இருந்தான். வாசலிலேயே மணத்தது.

"உக்காரும்மா. இதுக்கெல்லாம் எதுக்கு லெட்டரு? ஒரு ஃபோன் பண்ணிருந்தா ஆச்சே" என்றார் முதலாளி.

"ஃபோன்லதான் சார் நான் எடுபிடி ஆனேன்" என்றாள் சிரித்துக்கொண்டே.



"சரி, தனியா உனக்கு ஒரு சான்றிதழ் தந்துடறேன். பக்கம் அப்படியே இருக்கட்டும். யாரு பார்க்கப் போறா?"

"விசாரிக்க வந்தவங்க பார்த்தாங்க சார். அதிகாரிங்களும் பார்ப்பாங்க. ஒரு வரிதான். மாத்துங்க."

முதலாளி பெருமூச்சு விட்டு, இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற பெண்ணை வரச் சொன்னார். அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து திருத்தத் தொடங்கி, கையை நிறுத்தி, சென்ட் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், இவங்க 2019 நவம்பர் வரைக்கும் தர மேலாளர்னா, நம்ம சாருக்கும் 2018 ஏப்ரல்லேருந்து தர மேலாளர்னு இருக்கே. இருக்கிறது ஒரு போஸ்ட்டுதானே? எதை வைக்கட்டும்?"

முதலாளி நாற்காலியைச் சென்ட் பக்கம் திருப்பினார்.

"அது... சும்மா ஒரு கணக்குக்கு..." என்றான் சென்ட்.

"எந்தக் கணக்கு? உன் தேதியை எதுக்குடா முன்னாடி தள்ளினே?" முதலாளிக்கு நிஜமாகவே தெரியாது என்று அந்த முகத்தில் தெரிந்தது.

இவளுக்குத் தெரியும்; பழைய வேலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். கூடங்களைச் சோதிக்கிற அதிகாரிகளோடு போகும் வெளி நிபுணர் பட்டியலில் சேர அவன் மனுப் போட்டிருந்தான். அதற்குத் தர மேலாளராக ஐந்து வருஷம் இருந்திருக்க வேண்டும். இவளுடைய ஒன்றரை வருஷத்தை எடுத்துத் தன் பக்கம் ஒட்டிக்கொண்டால்தான் ஐந்து நிறையும்.

"இவங்களோடதைச் சரியா போடு. இவனுக்கு 2019 டிசம்பர்லேருந்து போடு" என்றார் முதலாளி.

"மாமா..." என்றான்.

"வாயை மூடுறா. அந்த ஜூலைத் தாளுக்கு நீயா பதில் சொல்லப் போறே?"

உறுதிக் கடிதத்தை அங்கேயே கையெழுத்துப் போட்டு வாங்கினாள். எழுந்து, "ரொம்ப நன்றி சார்" என்று சென்ட்டுக்கும் ஒரு கும்பிடு வைத்தாள். வழியெல்லாம் நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "இன்னும் முடியல பெரியப்பா" என்று மட்டும் சொன்னாள்.

குறித்த நாளில் புது வேலையில் சேர்ந்தாள். இரண்டு வாரம் போயிருக்கும். நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது ஃபோன் வந்தது. ஒலியைப் பெரிதாக்கி மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, நான்தான்." சென்ட் குரல். மனுவில் எழுதின தேதியும் இணையப் பக்கத்துத் தேதியும் வேறாக இருக்கிறதே என்று, அந்தப் பட்டியலுக்கு ஆள் எடுக்கிற நிபுணர் குழு விளக்கம் கேட்டிருக்கிறதாம். "அந்த ஒன்றரை வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் பொறுப்பைப் பார்த்தோம்னு ஒரு வரி எழுதிக் குடுங்கக்கா. உங்களுக்கு என்ன போகுது?"

"கேக்கிறதை எழுத்துல கேளுங்க சார். தேதியெல்லாம் தெளிவா போட்டு அனுப்புங்க."

பாவி, அனுப்பியும் விட்டான். மதிப்பிற்குரிய அம்மையீர் என்று தொடங்கி ஒரு பக்கம். அவள் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பதில் எழுதினாள். அவன் கடிதத்தையும் சேர்த்து நிபுணர் குழுவுக்கு ஒரு பிரதி போட்டாள்.

மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் குறிப்பிடும் காலத்தில் அப்படி எதுவும் நடந்ததாக என்னிடமுள்ள ஆவணங்களில் இல்லை. மிக்க நன்றி.