மாசக் கடைசிப் பூனை

மதியச் சாப்பாட்டை நாலே வாயில் முடித்துவிட்டு, சலவைக்கூடத்து ஜன்னலோரம் நின்று பூனையை வெட்டிக்கொண்டிருப்பாள் மீம் அக்கா. நிஜப் பூனை இல்லை, செல்போன் படத்தில் இருக்கும் எதிர்வீட்டுக் கொழுத்த பூனை. மேல்படத்தில் அது கால் நீட்டிப் படுத்திருக்கும். அங்கே 'ஒண்ணாம் தேதி' என்று எழுதுவாள். கீழ்ப்படத்தில் காலித் தட்டை முறைக்கும். அது இருபதாம் தேதி.

ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவதுதான் வேலை. ஆனால் மாசம் பாதி தாண்டினால் வாட்ஸப் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் அடுத்த மீமுக்காக இவள் கையைத்தான் பார்ப்பார்கள். 'வெலவாசியெல்லாம் படியேறுது, நம்ம சம்பளத்துக்கு மட்டும் மூட்டுவலி' என்று போட்ட அன்று சூப்பர்வைசரம்மாகூட விழுந்து விழுந்து சிரித்தார். ரெண்டே வரி, அதுதான் இவள் கணக்கு. "மூணாவது வரி வந்தா அது மீம் இல்ல, மனு" என்பாள். அனுப்பிவிட்டு எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொள்வாள். சிரிப்புச் சத்தத்தைக் கேட்டால் போதும்.

ரெண்டு மாசம் முன்பு வீட்டுக்காரருக்கு வேலை போனதை மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தன்னைப் பார்த்து யாரும் 'ஐயோ பாவம்' என்றுவிடக் கூடாது. அதற்குப் பட்டினியே தேவலை.

இன்று வங்கி இருப்பு காட்டும் குறுஞ்செய்தியைப் படமெடுத்து, தொகையை அழித்து, 'தேடுதல் வேட்டை தொடர்கிறது' என்று எழுதினாள். அவசரத்தில் அனுப்பியதோ அழிக்காத மூலப்படத்தை. இருப்பு: நாற்பத்து மூன்று ரூபாய். பேரும் பளிச்சென்று தெரிந்தது.

சிரிப்புச் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தவள், போனைப் பார்த்தாள்: அழிக்காத படம். எல்லோரும் பார்த்தாயிற்று. இனி அழித்து என்ன புண்ணியம்?

துணி மடிக்கும் பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க்கா, எங்க கஷ்டத்தையெல்லாம் போட்டுச் சிரிக்க வெச்ச. உன்னோடத மட்டும் ஒளிச்சு வெச்சியா?"

மீம் அக்கா போனைப் பையில் போடப் போனாள். அதற்குள் போன் அதிர்ந்தது. சூப்பர்வைசரம்மா தன் இருப்பைப் படமெடுத்துப் போட்டிருந்தார்: முப்பத்தொன்று. கீழே, 'நான் ஜெயிச்சுட்டேன்.' அடுத்தது மடிக்கும் பெண்ணுடையது, பன்னிரண்டு. பிறகு வரிசையாக வந்து விழுந்தன. கூடம் கொல்லென்று சிரித்தது. வங்கிச் செய்தி பார்க்கத் தெரியாத சலவை இயந்திரத்துப் பெரியவர், வெளியே இழுத்துவிட்ட தன் காலிக் கால்சட்டைப்பையைப் படம்பிடித்து அனுப்பினார்.

ரெண்டு மாசமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. வெட்கத்தையெல்லாம் சிரிப்பு வாரிக்கொண்டு போய்விட்டது.

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. எல்லோர் பக்கமும் முகத்தைத் திருப்பி நின்றவள், தன் காலிச் சீருடைப்பையையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டாள். அப்படியே இஸ்திரி மேசைக்குப் போனாள்.