பெயரில் மாறிய ஓர் எழுத்து

எழுபதுகளின் நடுவில் இணுவிலிலிருந்து சைக்கிளில் ஒரு பாத்திரத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்தேன். தலைமை அலுவலகம் கொழும்பில். சம்பளப் பதிவுகளும் அங்கேதான், ஆங்கிலத்தில். அங்கே என் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டார்கள். அதனால் அது என் பிரிவிலேயே வேலை செய்த இன்னொருவரின் பெயராகிவிட்டது. தலைப்பெழுத்தும் எங்களுக்கு ஒன்றே. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் சேமலாப நிதியின் அங்கத்துவ இலக்கம் மட்டும்தான் வேறு.

திருத்தும்படி சம்பளப் பிரிவுக்கு எழுதினேன். பதில் இல்லை.

அந்த மற்றப் பெயர்க்காரர் பருத்தித்துறைப் பக்கத்தவர். கடற்றொழில் குடும்பம். ஒரு லீவு நாளில் தமையனின் வள்ளத்தில் போனவரை மறுநாள் பிணமாகத்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

அடுத்த மாதம் எனக்குச் சம்பளம் வரவில்லை. எங்கள் கணக்காளர் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். பெயரை மட்டும் பார்த்து, இறந்தவருடைய பதிவுக்குப் பதிலாக என்னுடையதை மூடியிருந்தார்கள்.

“உம்மைத்தான் செத்ததெண்டு பதிஞ்சிருக்கினம்” என்றார் கணக்காளர். சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டார்.

எனக்கு அது பெரிதாகப் படவில்லை, இறந்தவரின் மனைவி வரும்வரை. கணவரின் சேமலாப நிதிப் பணத்துக்கு அவர் அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. வாசலில் என்னைக் கண்டதும் அந்தக் கடிதத்தை நீட்டினார்.

“அவர் இன்னும் வேலையிலை இருக்கிறார் எண்டு எழுதியிருக்கினம், அண்ணை. நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றிரவே இரண்டாவது கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். நான் உயிரோடிருக்கிறேன் என்பதைத்தான் முதலில் எழுத வேண்டியிருந்தது. எட்டிப் பார்த்த என் மனைவி பேனாவை வாங்கி வைத்துவிட்டாள்.

“உந்தச் செத்த கதையை வீட்டிலை வைச்சு எழுதாதேங்கோ.”

அதனால் கணக்காளரின் மேசையிலேயே எழுதினேன். இருவருடைய பெயர்களையும் அங்கத்துவ இலக்கங்களையும் தெளிவாகப் போடச் சொன்னார். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இரண்டின் பிரதிகளையும் சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி இணைத்தேன். நான் எழுதினால் மட்டும் போதாது, கம்பனியே சேமலாப நிதிக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும் என்று விளக்கி, கணக்காளர் தன் கடிதத்தையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் போட்டார்.

எனக்குச் சம்பளம் சீக்கிரமே வரத் தொடங்கியது. அந்தப் பெண்ணின் விண்ணப்பத்துக்கு இன்னும் சில மாதங்கள் சென்றன. திரும்பவும் கையெழுத்து வைக்க வந்தவரிடம் கணக்காளர் திருத்திய பதிவின் பிரதியைக் காட்டினார். அவருடைய கணவரின் பெயருக்கு எதிரே, மரணத்தால் சேவை முடிவுற்றது என்றிருந்தது.

கணக்காளர் அதைத் தமிழில் வாசித்துச் சொன்னார். அந்த வரிக்காகத்தான் அந்தப் பெண் இத்தனை நாள் அலைந்தார். கேட்டதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கணக்காளர் பேனாவைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

நான் வெளியே வந்துவிட்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். உயிரோடு நிற்கும் நான் அதைச் சொல்வது சரியா என்று தெரியவில்லை.