கூந்தல் மேல் வைத்த எழுத்து

முப்பது வருடம் கோவை காந்திபுரத்துச் சந்து ஒன்றில், டிடிபி கடையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை அடித்தவள் நான். தாய்மாமன் பெயரை எங்கே போட்டால் சண்டை வராது, எந்தச் சிவப்பு அச்சில் கறுத்துவிடும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால் எழுத்து விஷயத்தில் யாராவது புத்தி சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தோடுதான் என் வீட்டுக்காரருக்கு சப்டைட்டில் போட உட்கார்ந்தேன்.

அவருக்குக் காது போனது ஒரே நாளில் இல்லை. கணபதிப் பகுதியில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில், வார்த்தெடுத்த பம்பு உறைகளின் பிசிரைத் தேய்த்துச் சீர்செய்யும் வேலை அவருக்கு. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால் சிரிப்பார். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் சுத்தமாகக் கேட்காமல் போயிற்று. காது மிஷின் வாங்கினோம். அது விசிலடிக்கிறது என்று பீரோவுக்குள் வைத்தவர் பிறகு எடுக்கவேயில்லை. முகத்தைப் பார்த்தபடி நிதானமாகப் பேசினால் பாதி புரிந்துகொள்வார். அடுப்பைப் பார்த்துக்கொண்டே அவரைத் திட்டியே பழகிய நான், இப்போது நேருக்கு நேர் நின்று திட்ட வேண்டியதாகிவிட்டது. முகத்தைப் பார்த்தால் பாதித் திட்டு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

எங்களுக்கு ஒரே மகள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் வேலைக்காக வெளிநாட்டில் ஒரு குளிர் ஊருக்குப் போனாள். அப்பாவும் மகளும் இந்த வீட்டில் பேசிய பேச்சுக்கு அளவே கிடையாது. நான் நடுவில் ஒரு வார்த்தை சொல்லக் காத்திருக்க வேண்டும். அவள் போன பிறகு வீடியோ காலில் பேசிப் பார்த்தார்கள். படம் தடுமாறும், உதடு ஒரு பக்கம் போகும், இவருக்கு ஒன்றும் பிடிபடாது. அவள் தலைவலி என்று சொன்ன இடத்தில் இவர் சிரித்துவிட்டார். அவள் முகம் மாறியதைப் பார்த்ததும்தான் தப்பு புரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து போன் அடித்தாலே, "நீ பேசு அம்மணி, நான் செடிக்குத் தண்ணி உட்டுப்போட்டு வாரேன்" என்று மாடிக்குப் போய்விடுவார். மாடியில் இருப்பது ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடி. அது அழுகாமல் பிழைத்தது அதன் அதிர்ஷ்டம்.

மகள் வேறு வழி பண்ணினாள். சனிக்கிழமைதோறும் ஐந்து நிமிடம் பேசி வீடியோவாக அனுப்பினாள். இவர் போனில் அரை நிமிடம் பார்ப்பார். கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்துவைப்பார். இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்கம்மா, அப்பா நான் அனுப்பறதப் பாக்கறாங்களா இல்லீங்களா? கட்டவெரலத் தவிர ஒண்ணும் வரமாட்டேங்குது. தொந்தரவா இருந்தாச் சொல்லுங்க. நிறுத்திப்போடறேன். ரெண்டு வரி டைப் பண்ணி அனுப்பிக்கிறேன்."

இரண்டு வரியில் சேதி இருக்கும், முகம் இருக்காது. இவர் முகத்தையும் விட்டுவிட்டால் அப்புறம் அவளை எதைக்கொண்டு பிடித்துவைப்பார்? "ஒரு மாசம் பொறு கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

கடையில் கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி போனிலேயே வழி சொன்னாள். வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சாதாரண நோட்பேடில் வரிசை எண், எத்தனையாவது வினாடியில் தொடங்கி எத்தனையாவது வினாடியில் முடிகிறது, அதன் கீழே பேச்சு, பிறகு ஒரு வரி இடைவெளி. அவ்வளவுதான். வீடியோவுக்கு என்ன பெயரோ அதே பெயரில் யூனிகோடாகச் சேமித்துப் பக்கத்திலேயே வைத்தால் பிளேயர் தானாக எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடப் பேச்சை அடிக்க எனக்கு ஒரு முழுப் பகல் ஆயிற்று. மகள் பேசினால் சோளம் பொரிகிற மாதிரி. நான் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, தேவையில்லாததை வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு வரிக்குள் அடக்கினேன். வெட்டுவதில் நான் கெட்டிக்காரி. பத்திரிகையில் இடம் பத்தாவிட்டால் முதலில் எதை எடுக்கலாம் என்று கை தானாக அறியும்.

அப்புறம் அழகுபடுத்தல். பிளேயரின் செட்டிங்கில் சப்டைட்டில் பக்கத்தைத் திறந்ததும் எனக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. எழுத்துரு, அளவு, நிறம், விளிம்புக்கோட்டின் தடிமன், நிழல், பின்னால் வைக்கும் பெட்டி, அந்தப் பெட்டி எவ்வளவு அழுத்தம், கீழிருந்து எவ்வளவு உயரம் எல்லாவற்றையும் மாற்றலாம். என் கடைக் காலத்துப் பழைய எழுத்துருக்கள் இங்கே செல்லுபடியாகவில்லை. அவற்றில் யூனிகோடு எழுத்தே கிடையாது என்பதால் பிளேயர் தன் இஷ்டத்துக்கு வேறொன்றைப் போட்டுக்கொண்டது. புதிதில் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். நல்ல வளைவும் நெளிவும். தங்க மஞ்சள் நிறம். சிவப்பு விளிம்பு, தடிமன் உச்சத்தில்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டரை டிவியோடு கேபிளில் இணைத்து அவரை இழுத்துவந்து உட்காரவைத்தேன். இரண்டு நிமிடம் பார்த்தார்.

"யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

எழுந்து மாடிக்குப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று மாலை காப்பி போடவில்லை. பிறகு அவர் உட்கார்ந்த இடத்தில் நானே உட்கார்ந்து பார்த்தேன். தடித்த விளிம்பு உள்பக்கமாகவும் ஏறி, ணகர ழகரச் சுழிகளையெல்லாம் அடைத்திருந்தது. புள்ளிகள் சிவப்புக்குள் முங்கிப்போயிருந்தன. கையில் பிடித்து ஆற அமரப் படிக்கும் பத்திரிகை வேறு, மூன்று வினாடியில் ஓடிப்போகிற எழுத்து வேறு. முப்பது வருடத் தொழில்காரிக்கு இது தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் அலங்காரத்தையெல்லாம் உதறினேன். நெளிவில்லாத எழுத்து, வெள்ளை நிறம், விளிம்பே வேண்டாம். மகள் வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுத்து பாலில் விழுந்த பால்போல் காணாமல் போயிற்று. இவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். தட்டிக்கொடுத்தது திட்டுவதைவிட வலித்தது.

மூன்றாவது வாரம் விட்டேனா பார் என்று கறுப்புப் பெட்டியை வைத்தேன். பின்னால் எதுவுமே தெரியாத முழுக் கறுப்பு. அதன் மேல் வெள்ளை எழுத்து, அவர் கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவில். மாற்றியதைச் சேமித்து வீடியோவை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரிந்தது; அப்படி ஏழெட்டு முறை மூடித் திறந்து சரிபார்த்தேன். ஒரு எழுத்து பிசகவில்லை. இவர் முழு ஐந்து நிமிடமும் உட்கார்ந்து படித்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"எழுத்து நல்லாத் தெரியுதம்மணி. புள்ளயத்தான் காணோம்."

திரையைப் பார்த்தேன். மகள் போனை எப்போதும் முகத்துக்கு வெகு அருகில் வைத்துப் பேசுவாள். என் பெட்டி அவள் மூக்குக்குக் கீழே மொத்தத்தையும் மூடியிருந்தது. கண் இரண்டு தெரிந்தது, பேசுகிற வாய் இல்லை. ஒன்றரை வருடமாக அவர் தேடிக்கொண்டிருந்த அந்த முகத்தில் பாதியை நானே கறுப்பு அடித்திருக்கிறேன். அடுக்களைக்குப் போய் மிக்சியை ஓடவிட்டு அழுதேன். அவருக்குக் கேட்காது என்பது ஞாபகம் வந்ததும் மிக்சியை நிறுத்திவிட்டு அழுதேன்.

நான்காம் வாரம் எனக்குக் கிடைத்த கடைசி வாரம். படத்தை நிறுத்திவைத்து, எங்கே எழுதினால் இவள் மறைய மாட்டாள் என்று தேடினேன். கன்னத்தில் முடியாது. நெற்றியில் முடியாது. அவள் தலைமுடி அப்பாவைக் கொண்டது, கருகருவென்று அடர்த்தி. திரையின் மேல்பகுதி முழுக்க அதுதான் நிறைந்திருந்தது. இயற்கையாகவே ஒரு கறுப்புப் பெட்டி அங்கே இருக்க, நான் ஏன் கீழே இன்னொன்று செய்தேன்? பெட்டியை எடுத்துவிட்டேன். உயரத்தைக் கூட்டிக் கூட்டி எழுத்தை அவள் கூந்தல் மேல் கொண்டுபோய் வைத்தேன். அவள் தலையை ஆட்டும்போது வரி சுவருக்கு மேல் போனாலும் படிக்கும்படி ஒரு மெல்லிய கறுப்பு விளிம்பு, சுழியை அடைக்காத அளவுக்கு. சின்ன வயதில் பூ வைத்துவிட்டது நினைவு வந்தது. அவள் அப்போதும் ஓரிடத்தில் நிற்கமாட்டாள்.

ஞாயிறு மதியம் அவர் வந்து உட்கார்ந்தார். ஒரு முறை பார்த்தார். இன்னொருக்கா போடு என்று விரலைச் சுழற்றினார். இரண்டாவது முறை எழுத்தைப் பார்க்காமல் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"நீ சிலத உட்டுப்போட்ட."

"என்னத்த உட்டேனுங்க?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன். கோபம் எட்டிப்பார்த்தது.

"பேச்சுக்குப் பேச்சு அப்பாங்கறா. வாய் மூடி மூடித் தொறக்குது பாரு. மேல ஒரே ஒருக்காத்தான் எழுதியிருக்கற."

ஒலியை வைத்து முதலிலிருந்து கேட்டேன். உண்மைதான். சாப்டீங்களாப்பா. இங்க ஒரே பனிங்கப்பா. நேத்து ரசம் வெச்சனுங்கப்பா, உங்க மாதிரி பூண்டு தட்டிப் போட்டு. வரிக்கு வரி அப்பா இருந்தது. நான் இடம் பத்தவில்லை என்று முதலில் வெட்டியது அதைத்தான். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் எடுத்துவிடுவது தொழில் பழக்கம். நான்கு வாரமும் அப்படியே வெட்டியிருக்கிறேன். அவர் கேட்க ஆசைப்பட்டது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதே உட்கார்ந்து ஒவ்வொரு அப்பாவையும் திரும்ப அடித்தேன். வரிகள் நீண்டு மூன்றாக உடைந்தன. எழுத்தின் அளவை ஒரு படி குறைக்க வேண்டியிருந்தது. "சின்னதா இருந்தாப் பரவால்ல, கண்ணாடி போட்டுக்கறேன்" என்றார். மறுபடி ஓடவிட்டேன். மகளின் உதடு மூடித் திறந்தது, அவள் கூந்தலில் அப்பா என்று வந்தது. இவர் வாய்விட்டுச் சொன்னார்: "சொல்லு சாமி." அடுத்ததற்கும் சொன்னார். ஐந்து நிமிடமும் ஒன்று விடாமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார், சத்தம் அதிகம் என்று தெரியாமல், தெருவுக்கே கேட்கிற மாதிரி. நான் பக்கத்தில் நின்று, டிவித் திரையும் தெரியும்படி அதைப் போனில் பிடித்து, இத்தனை நாள் அப்பாவை வெட்டிய கதையையும் எழுதி மகளுக்கு அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல் வீடியோ வந்தது. போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்திருந்தாள். முடியைப் படிய வாரி, திரையின் மேல்பாதி அதுவாகவே இருக்கும்படி தலையைக் குனிந்து காட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, மேல எழுத்துக்கு எடம் உட்டிருக்கறனுங்க. பத்தலீன்னா வேற எதையாச்சும் வெட்டிக்கோங்க" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேராகப் பார்த்து, உதடு நன்றாகத் தெரியும்படி மெதுவாகத் தொடங்கினாள்: "அப்பா."