தட்டோடு வந்த பிரியாணிக் கடைக்காரர்

திண்டுக்கல்லில் பிரியாணி மசாலா அரைக்கும் என் மில்லுக்கு மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஒருநாள் ஒருவர் தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, பழம், பூ, நடுவில் ஒரு கவர். வந்தவர் என்னுடைய பெரிய வாடிக்கையாளர். டவுனில் அவர் கடைக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது.

மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாருக்குடி பரிசம்?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மில்லுக்குத்தேன்," என்றார் வந்தவர். "தங்கச்சி, கொடைரோட்டுல இன்னொரு கடை போடுறேன். இனிமே நீ எனக்கு மட்டும் அரைச்சுக் குடு. வேற கடைக்கு வேணாம். அட்வான்ஸ் இந்தா."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ஓட்டத்தில் பாதி அவருடையது. ஆனால் புரட்டாசி வந்தால் அவர் கடை பாதி காலியாகிவிடும். அப்போது மில்லை ஓட்டுவது, புரட்டாசி விரதம் இல்லாத முஸ்லிம்கள் நிறைந்த பேகம்பூர்ப் பக்கத்துச் சின்னக் கடைகள்தான். அவர்களை விட்டுவிட்டு அந்த மாதம் நான் எதை அரைப்பது?

தட்டை வாங்கினால் சம்மதம். வாங்காவிட்டால் அவமானம். கையை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல், கொலுப் பொம்மை போல நின்றேன்.

"அண்ணே, உங்க கடை ருசி எங்க இருக்கு?"

"உன் மசாலாவுல."

"இல்லண்ணே. பட்டை, கிராம்புக்கு நீங்க சொல்ற அளவுல இருக்கு. அந்த அளவு உங்களுக்கு மட்டும்தேன். அடுத்த கடைக்காரர் காலுல விழுந்து கேட்டாலும் தரமாட்டேன். காலைல மொத அரைப்பு உங்களுது. முகூர்த்த நாள்ல எம்புட்டுக் கேட்டாலும் உங்களுக்குப் போகத்தேன் மத்தவங்களுக்கு. ஆனா மத்தவங்களுக்கு அரைக்கமாட்டேன்னு மட்டும் சொல்ல ஏலாது. புரட்டாசில என்னைக் காப்பாத்துறது அவுங்கதேன்."

அவர் முகம் சுருங்கியது. "என் மசாலா வாசனை அவுங்க மூட்டைக்குள்ள போயிருச்சுன்னா?"

கையைப் பிடித்து இழுக்காத குறையாக மிஷினுக்குக் கூட்டிப் போனேன். ஒரு கடைக்கு அரைத்து முடித்ததும் பச்சரிசி போட்டு ஓட்டி, பழைய வாசனையை எடுத்த பிறகுதான் அடுத்த கடைக்கு அரைப்போம். அந்த மாவை அள்ளி அவர் மூக்கில் வைத்தேன். பலமாக இழுத்துவிட்டு, அவர் போட்ட தும்மலில் மீசையெல்லாம் வெள்ளையானது.

அதற்குள் கவரை மட்டும் அவர் சட்டைப் பையில் செருகினேன். வெற்றிலையும் பழமும் எடுத்துக்கொண்டேன். வெறுந்தட்டை அனுப்பக்கூடாது என்று, அவர் அளவில் சூடாக அரைத்த மசாலாவை அதில் வைத்து நீட்டினேன்.

தட்டையே பார்த்தார். "பொண்ணு தரமாட்ட, சீர் மட்டும் தர்ற," என்றார். பிறகு அவரே வயிறு குலுங்கச் சிரித்தார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். எனக்குப் பயம் போய், நின்ற இடத்தில் ஆட வேண்டும் போல இருந்தது.

கொடைரோட்டுக் கடைக்கும் எங்கள் மசாலாதான் போனது. புரட்டாசி இரண்டாம் வாரம் போன் செய்தார்.

"இங்க ஈ ஓட்டுறோம். ஒனக்கு மில்லு ஓடுதா தங்கச்சி?"

மிஷின் பக்கம் போனை நீட்டினேன். அந்த இரைச்சலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நல்லவேளை, அன்னைக்கு நீ தலையாட்டல," என்றார்.