மூன்று பச்சையும் ஒரு சாயக்கடையும்

கோட்டைமேட்டில் உம்மல் குல்சும் தைக்கும் ஜாக்கெட்டுக்கு ஊரெல்லாம் ஆள் உண்டு. அவள் பேர்தான் யாருக்கும் தெரியாது. "அந்த மாடிப்படி டெய்லரம்மா" என்பார்கள். சரவணம்பட்டிக் கல்லூரியில் பாடம் நடத்தும் மதிவதனி ஆண்டு விழா மேடையில் தொகுத்துப் பேசப் போகிறாள், அதற்கு உடுப்பு வேண்டும் என்று வந்தபோது, இந்தத் தடவையாவது பேர் மேடையேறும் என்று குல்சும் கணக்குப் போட்டாள்.

தலை முதல் கால் வரை பச்சை. பேண்ட் அடர்பச்சை, குர்தா பாசிப்பயறுப் பச்சை, துப்பட்டா வாழைக்குருத்து. மூன்றிலும் மஞ்சள் சாயல் ஓட வேண்டும்; நீலம் கலந்த பச்சை ஒன்று நுழைந்தால் குடும்பத்தில் வெளியாள் புகுந்த மாதிரி. நிறங்களுக்குள் இடைவெளியும் தெரிய வேண்டும். அரைகுறையாக நெருங்கினால், மேட்சிங் தேடித் தோற்றவள் என்று ஊர் சொல்லும்.

தைத்ததை வாங்கிப்போனது மதிவதனியின் அம்மா பழனியாத்தாள். விழாவுக்கு முதல்நாள் காலையில் அவரே பையோடு படியேறி வந்தார்.

"ஏனுங்க குல்சும், மூணுக்கும் மூணு பச்சை வெச்சுப்போட்டீங்களே! கடைக்காரன் ஏமாத்திட்டானாட்டம் இருக்குது. உங்களை ஒருத்தரும் குறை சொல்லக் கூடாதுன்னு நானே சாயக்கடையில குடுத்து ஒண்ணாக்கிப்போட்டேன்."

பையைத் திறந்தாள் குல்சும். மூன்றும் ஒரே அடர்பச்சை. பள்ளிக்கூடச் சீருடையே தோற்றுப்போகும். குர்தாவின் நூல் மட்டும் பாலியஸ்டர். சாயம் பிடிக்காமல் பழைய வெளிர்பச்சையாகவே தையல்தோறும் பல்லிளித்தது.

"அம்மா, அது வேணும்னே வெச்சதும்மா!"

"வேணும்னா? காசு குடுத்து யாராச்சும் மேட்ச் ஆகாம வாங்குவாங்களா அம்மணி?"

குல்சும் பையை வாங்கி வைத்துக்கொண்டாள். ஏறின சாயத்தை இறக்க முடியாது. அடர்பச்சைக்குக் குர்தா இருக்கட்டும், மற்ற இரண்டையும் வெளிர்பச்சையில் புதிதாகச் செய்யலாம் என்று முடிவெடுத்தாள். உக்கடம் வரை துணிக்கடை துணிக்கடையாக ஏறினாள். "இதுவும் பச்சைதானுங்களே" என்று நீட்டியதெல்லாம் மயில்கழுத்து. நாலாவது கடையில் பாசிப்பயறுப் பச்சையில் பேண்ட் துணியும், வாழைக்குருத்தில் துப்பட்டாவும் கிடைத்தன. சாயங்காலத்துக்குள் பேண்ட் தைத்து முடித்தாள். குர்தாவின் வெளிர்நூலைப் பிரிக்கப் போனவள் துப்பட்டாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே சாயல். விட்டுவிட்டாள்.

விழா முடிந்து மதிவதனி போனில் கத்தினாள்: "அக்கா, அத்தனை பேரும் அந்தத் தையலைத்தான் கேட்டாங்க! யார் டிசைன்னு பிடிச்சுக்கிட்டாங்க!"

"என் பேரச் சொன்னியா கண்ணு?"

போன் கைமாறியது. "பயப்படாதீங்க அம்மணி," என்றார் பழனியாத்தாள், குரலில் தாய்மை வழிய. "கேட்டவங்களை எல்லாம் நாந்தான் சமாளிச்சேன். இப்பவும் மேட்ச் ஆகலை பாருங்க. தொழில் பண்றவங்க, பேர் கெட்டுப்போகக் கூடாதுன்னு ஒருத்தர்கிட்டயும் உங்க பேரைச் சொல்லலைங்க."