பத்து மணி மிஸ்கோல்

இரண்டு சிம் போடும் சைனா போன் பதுளைக் கடைகளுக்கு வந்த புதிதில் நானும் ஒன்று வாங்கினேன். ஆசைக்கு வாங்கவில்லை, பயத்துக்கு வாங்கினேன்.

நான் பசறை டவுனில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரிக்கு அப்போது எட்டாம் மாசம். நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து லயம் டவுனிலிருந்து ஏழு கிலோமீட்டர் மேலே. தோட்டத்து மருத்துவிச்சி அம்மா அவளுக்குப் பிரஷர் இருக்கிறது என்று கார்டில் சிவப்பு மையால் எழுதி, என்னையும் கூப்பிட்டுச் சொன்னார். "தலை விண்ணு விண்ணுன்னு வலிச்சாலோ, கண்ணு முன்னால பூச்சி பறந்தாலோ ஒரு நிமிஷம் வச்சிருக்கக் கூடாதுப்பா. நேரா பதுளை ஆஸ்பத்திரிதான்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு விஷயம் புரியாவிட்டால் அதைப் பயமாக மாற்றிக்கொள்ளத்தான் தெரியும்.

லயத்தில் ஒரே ஒரு கம்பெனியின் சிக்னல்தான் கிடைக்கும். அதுவும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறினால்தான். எங்கள் ஒற்றையறைக் காம்பிராவுக்குள் இருப்பவளை நான் கூப்பிட முடியாது. அவள்தான் பாறைக்குப் போய் என்னைக் கூப்பிட வேண்டும். ஆனால் ஹயருக்கு, ஆட்டோ சவாரிக்கு, கூப்பிடுகிறவர்கள் எல்லோரிடமும் என்னுடைய பழைய நம்பர் இருந்தது. அது வேறு கம்பெனி; தோட்டப் பக்கம் ஹயர் போனால் அதற்குச் சிக்னல் இல்லை. அதனால் அவளுடைய கம்பெனியில் புதிதாக எடுத்த முதல் சிம் அவளுக்கு, இரண்டாவது சிம் ஹயருக்கு என்று இரண்டையும் அந்தப் போனில் போட்டேன்.

நாங்கள் ஒரு கணக்கு வைத்திருந்தோம். தினமும் காலை பத்து மணிக்கு அவள் பாறைக்குப் போய் எனக்கு ஒரு ரிங் விட்டு வெட்டிவிடுவாள். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். வெட்டாமல் அடித்துக்கொண்டே இருந்தால் உடனே வா என்று அர்த்தம்.

ஸ்டாண்டுக்குப் போனதும் தினமும் போனைச் சோதிப்பேன். பக்கத்து ஆட்டோக்காரனை முதல் சிம்முக்கு ஒரு மிஸ்கோல் கொடுக்கச் சொல்வேன். அடிக்கும். பிறகு இரண்டாவது சிம்முக்கு. அதுவும் அடிக்கும்.

"மச்சான், பொண்டாட்டி மாசமா இருக்கா, போன் மாசமா இல்லடா" என்று சிரிப்பான். ஆனாலும் கொடுப்பான்.

ஒவ்வொன்றாகத்தான் சோதித்தேன். ஒன்று வேலை செய்துகொண்டிருக்கும்போது மற்றது என்ன செய்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. அங்கேதான் பிழை.

அன்று ஒன்பதரை மணிக்கு அந்த ஆட்டோக்கார நண்பன் வந்தான். "மச்சான், ஒன் போன்ல ஜிபிஆர்எஸ் இருக்குல்ல? ஒரு பாட்டு எறக்கிக்கிறேன்டா." அதற்கான காசை அவனே ரீலோட் போட்டுத் தருவதாகவும் சொன்னான். டேட்டாவை நான் இரண்டாவது சிம்மில்தான் வைத்திருந்தேன். அதற்கு டவுனில் சிக்னல் நன்றாக இருக்கும். முதல் சிம் அதுபாட்டுக்குச் சும்மா இருக்கப்போகிறது, அவளுடைய ரிங் வந்தால் கேட்கத்தானே போகிறது என்று நினைத்துக் கொடுத்தேன்.

பாட்டு ஆமை மாதிரி இறங்கியது. நான் பக்கத்திலேயே நின்றேன். பத்து மணி. ரிங் இல்லை. பத்தே கால். இல்லை.

"மிஸ்கோல் வந்துச்சாடா?"

"நான்தான கையில வச்சிருக்கேன்? ஒன்னும் வரல மச்சான். பாரு, ரெண்டு சிம்முக்கும் சிக்னல் கோடு முழுசா நிக்குது."

நின்றது. போனில் யாரும் பேசிக்கொண்டிருக்கவும் இல்லை. போனைப் பிடுங்கிப் பார்த்தேன். தவறிய அழைப்பு எதுவும் பதிவாகவில்லை. அப்படியானால் அவள் அடிக்கவே இல்லை. அடிக்கவில்லை என்றால் பாறைக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை?

அந்த நேரம் பார்த்து ஒருவர் பதுளைக்கு ஹயர் கேட்டு வந்தார். அவரை நண்பனிடம் தள்ளிவிட்டு ஆட்டோவை மேலே திருப்பினேன். தேயிலைக்கு நடுவே ஒவ்வொரு வளைவும் அன்று இரண்டு வளைவாக இருந்தது. எதிரே கொழுந்து லொறி ஒன்று வந்தபோது மதிலோடு ஒட்டி நின்ற அரை நிமிஷத்தில் எத்தனை சாவு வீடுகளைப் பார்த்துவிட்டேனோ தெரியாது.

லயத்துக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது ரோட்டோர மதகுக் கட்டின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் காம்பிரா அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போனை ஏங்க நிப்பாட்டி வச்சீங்க?" என்றாள். அதுதான் முதல் பேச்சு. "பத்து தடவ அடிச்சேன். ஒவ்வொரு தடவயும் போன் ஓஃப்னு அந்த ரெக்கோர்டுச் சிங்களப் பொம்பளதான் பேசுறா. நீங்க எங்கயோ வண்டியக் கவுத்துட்டீங்கன்னு..."

"நான் நிப்பாட்டலயே புள்ள!"

"சண்டய அப்புறம் வச்சுக்கங்க தம்பி" என்றார் அக்கா. "காலையிலருந்து தலைவலின்னா. இப்ப கண்ணுல மின்னுதுங்கறா."

அவளே நடந்து டவுனுக்கு வந்துவிடலாம் என்று புறப்பட்டிருக்கிறாள். அந்தப் பிரஷரோடு. பசறையைத் தாண்டி பதுளைக்கு எப்படி ஓட்டினேன் என்று இன்றும் தெளிவாக ஞாபகம் இல்லை. பின்னால் அவள் முனகினாலும் பயம், முனகாவிட்டாலும் பயம்.

உடனே வார்டில் சேர்த்தார்கள். பிரஷர் இறங்காவிட்டால் எந்த நேரமும் ஒப்பரேஷன் செய்ய வேண்டி வரும் என்றார் டொக்டர். பிரசவ வார்டுக்குள் ஆம்பிளைகள் நிற்கக் கூடாது. அக்கா உள்ளே இருந்தார். உள்ளே அவர்கள் இருவரிடமும் அவளுடைய போன், வெளியே என் கையில் அந்தப் பாழாய்ப்போன போன்.

அதை நம்பி எப்படி உட்கார்வது? வாங்கிய கடைக்கே ஓடினேன். அங்கே ரிப்பேர் பார்ப்பவர் நடந்ததைக் கேட்டுவிட்டு, "டேட்டா ஓடிக்கிட்டு இருந்துச்சா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஆமாங்க. ஆனா அது மத்த சிம்முல."

"அண்ணே, சிம் ரெண்டுதான், உள்ள ரேடியோ ஒன்னுதான். சும்மா இருக்கையில ரெண்டு சிம்மையும் மாறி மாறிப் பார்த்துக்கும், அதனால ரெண்டும் அடிக்கும். ஒரு சிம்முல பேச்சோ டேட்டாவோ ஓடுனா ரேடியோ அங்க மாட்டிக்கும். மத்த சிம்முக்கு அடிக்கிறவங்களுக்குப் போன் ஓஃப்ல இருக்குன்னு கேக்கும். ஒங்களுக்கு மிஸ்கோல்கூடப் பதியாது."

"கோடு நின்னுச்சேங்க?"

"கோடு சும்மா நிக்கும்."

நம்புவதற்காகச் செய்தே காட்டினார். கடைப் போனிலிருந்து என் இரண்டாவது சிம்முக்குப் பேசிக்கொண்டே, இன்னொரு போனால் முதல் சிம்முக்கு அடித்தார். என் காதில் ஒன்றுமே கேட்கவில்லை. அடித்த போனை வாங்கி மறு காதில் வைத்தேன். அந்தச் சிங்களப் பொம்பள பேசினாள்.

பிறகு அவர் டேட்டாவை அடைத்தார். முதல் சிம் கிடைக்காதபோது வருகிற கோல் இரண்டாவது சிம்முக்குப் போகும்படி ஒரு நம்பரை அடித்துத் திருப்பிவிட்டார். இரண்டாவது சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கோல் வந்தால் காதில் தெரிய, கோல் வெயிட்டிங்கும் போட்டார். "திருப்பி வர்ற கோலுக்கு மொத சிம்முல காசு வெட்டுவான். அதுல எப்பவும் கொஞ்சம் போட்டு வைங்க."

ஆஸ்பத்திரி வாசலுக்குத் திரும்பி அரை மணி நேரம் ஆகியிருக்காது. இரண்டாவது சிம் அடித்தது. வழமையாக ஹயர் எடுக்கும் வாத்தியார். பேச மனமில்லை. ஆனால் சோதித்துப் பார்க்க நினைத்ததாலோ என்னவோ, எடுத்தேன். பிள்ளைகளைக் கூட்டிவர நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாய் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது காதுக்குள் டிக், டிக் என்றது. போனைப் பார்த்தேன். அவளுடைய நம்பர்.

"சேர், வைங்க" என்றுகூடச் சொன்னேனோ தெரியாது. மாற்றி எடுத்தேன்.

"என்னங்க, என்னைய ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போறாங்க. கதவுகிட்ட வந்தீங்கன்னா ஒரு தடவ பார்த்துக்கலாம்."

ஓடினேன். தள்ளுகட்டில் வார்டுக் கதவைத் தாண்டும்போது போய்ச் சேர்ந்தேன். அவள் முகம் வீங்கியிருந்தது. கையை நீட்டினாள், பிடித்தேன்.

"இப்ப எடுத்தீங்களே" என்றாள்.

அதற்குள் நர்ஸ் கட்டிலைப் பக்கத்திலிருந்த தியேட்டருக்குள் தள்ளிவிட்டார். போனைக் கையில் பிடித்தபடியே, யார் அடித்தும் எடுக்காமல், பிள்ளை அழும் சத்தம் கேட்கும்வரை அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.