படத்தில் பச்சையாகத் தெரிந்த கிழங்கு

பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கும் எங்கள் அச்சகத்தில் கலர் சரிபார்ப்பது என் வேலை. போனில் படம் பார்த்து "கலர் ஓகே" என்று சொல்லும் கம்பெனிக்காரர்களிடம், "போன் பொய் சொல்லும், நேர்ல வந்து வெயில்ல வச்சுப் பாருங்க" என்று வருடக்கணக்காகப் பிரசங்கம் செய்து வருகிறேன். எனக்கும் அது பொருந்தும் என்று தோன்றியதே இல்லை.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு காலையில், திருத்தங்கல் வீட்டிலிருந்து மனைவி ஒரு படம் அனுப்பினாள். தட்டில் உருளைக்கிழங்குகள். சிலதில் முளை எட்டிப் பார்த்தது. எல்லாமே லேசான பச்சை. உடனே போனும் வந்தது.

"என்னங்க, இதைப் பொரிக்கலாமா, வேண்டாமா? பாப்பா கேக்குறா."

பாப்பா என்றால் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கும் எங்கள் மகள். மாதக்கணக்காக எதைக் கண்டாலும் குமட்டிக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தானே வாய் திறந்து ஒன்றைக் கேட்டிருந்தாள்: உருளைக்கிழங்குப் பொரியல். அவளுக்கு நல்லதா கெட்டதா என்பதுதான் கேள்வி. நான் படத்தைப் பெரிதாக்கி, என் தொழில் கண்ணால் பார்த்தேன்.

"படத்துல சியான், அதான் அந்த நீலப்பச்சை, கூடிப்போச்சு. நம்ம அடுப்படிக் கூரையில பச்சை பிளாஸ்டிக் ஷீட்டுல்ல போட்டிருக்கு, அந்த வெளிச்சம். கிழங்கு நல்லாத்தான் இருக்கு, பொரி."

"நான் கிழங்கைக் கேட்டா நீங்க லேபிளுக்குத் தீர்ப்புச் சொல்றீக" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த லேபிளைக் கையில் எடுத்தேன். வேலை ஓடவில்லை, மனசுதான் ஓடியது. பச்சை வெளிச்சம் என்பது சரி. ஆனால் அந்த வெளிச்சத்துக்கு அடியில் நிஜமாகவே பச்சையான கிழங்கு இருந்தாலும் இதே மாதிரிதானே தெரியும்? திரும்ப அழைத்தேன்.

"பொரிச்சுட்டியா?"

"எண்ணெய் காயுது. ஏன்?"

"அடுப்பை அணை. கிழங்கை வாசல்ல கொண்டுபோயி, ஒரு வெள்ளைத்தாள் மேல வச்சுப் படம் எடு. தாள் வெள்ளையாத் தெரியணும்."

"ஏ பாப்பா, ஒங்கப்பா கிழங்குக்குப் பாஸ்போர்ட் போட்டோ கேக்குறாக!"

படம் வந்தது. தாள் சுத்த வெள்ளை. கிழங்குகள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தன. பாதிக்கு மேல் மண்ணிறம், சின்ன முளை. மற்றவற்றின் தோலில் பாசி படிந்தது போலப் பச்சை. பச்சை ஷீட் எல்லோருக்கும் ஒரே சாயம் பூசி, குற்றவாளிகளை நல்லவர்களோடு கலந்துவிட்டிருந்தது.

"பச்சையா இருக்கதை நகத்தால சுரண்டிப் பாரு."

"உள்ளயும் பச்சையாத்தான் இருக்கு. அமுக்குனா தொளதொளங்குது."

"அதைத் தூக்கிப் போடு. பச்சை நிறம் கெடுதலில்லை. ஆனா வெளிச்சம் பட்டுப் பச்சையானா, அதுகூடவே ஒரு நச்சும் கூடியிருக்கும். வேக வச்சாலும் பொரிச்சாலும் போகாது. மத்தது, மண்ணிறமா இருக்கது?"

"கல்லு மாதிரி இருக்கு. முளை மட்டும் சின்னதா."

"முளையையும் அது இருந்த குழியையும் நோண்டி எடுத்துட்டு, தோலைக் கனமாச் சீவு. அது போதும். கசந்தா மட்டும் பாப்பாவுக்குக் குடுக்காத."

"பச்சையானதையும் தோலைச் சீவிட்டுப் போட்டா என்ன? அம்புட்டும் வீணாகுதுல்ல."

லேசாகப் பச்சையாக இருந்தால் ஆழமாகச் சீவித் தின்பவர்கள் உண்டு. இது தொளதொளத்தது; தின்னப் போகிறவள் பிள்ளைத்தாய்ச்சி. "வேண்டாம்" என்றேன். போனுக்குள்ளிருந்து மகள் கத்தினாள்: "அம்மா, கிழங்கை வெளிச்சம் படுற ஜன்னலோரம் வலைப்பையில காத்தாடத் தொங்கவிட்டது யாருன்னு அப்பாகிட்டக் கேளு!"

கேட்கவேண்டியதில்லை. அந்த விஞ்ஞானி நான்தான்.

பரிகாரமாக, மதியம் வீட்டுக்குப் போகும் வழியில் காய்கறிக்கடையில் நின்றேன். ஒவ்வொரு கிழங்கையும் கடைக்கு வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரர் பொறுமையிழந்தார்.

"அண்ணே, கிழங்கு வாங்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?"

"என் பொண்ணுக்குத்தான் பாக்குறேன்."

வீட்டுக்குப் போனபோது மகள் சோற்றில் பொரியலைப் பிசைந்துகொண்டிருந்தாள். தேறியது அவளுக்கு மட்டுமே போதும்படி இருந்தது. எனக்கு ரசமும் அப்பளமும். பொரியல் சட்டியை எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு துண்டு மிச்சம். மனைவி அதை எடுத்து மகள் தட்டில் வைத்தாள். மகள் அதை எடுத்து என் தட்டில் போட்டாள்.

"கசக்குதான்னு பாருங்கப்பா."

கசக்கவில்லை. கசந்திருந்தால் மறைக்காமல் சொல்லியிருப்பேன், அந்த அளவுக்கு யோக்கியன்தான் நான்.

புதுக் கிழங்குகள் இப்போது, அச்சில் கலர் பிசகியதால் கம்பெனி திருப்பிவிட்ட காலி மத்தாப்புப் பெட்டி ஒன்றில், பக்கங்களில் ஓட்டை போட்டு, கட்டிலுக்கு அடியில் இருட்டில் தூங்குகின்றன. பெட்டி மேல் பூப்பூவாய்ச் சிதறும் மத்தாப்பு கொஞ்சம் பச்சையாகத்தான் தெரிகிறது. அது நிஜப் பச்சை. வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டேன்.